ஆளுநர் பெயரில் எழுதப்படாத ஒப்பந்தமும் செய்து முடித்த வேலையும்

"நான் வியாசர்பாடியில் மின்பணி காண்ட்ராக்டர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஓர் அரசு மாணவர் விடுதியின் தரைத்தளம் மூழ்கியது. துறையின் உதவிப் பொறியாளர் தன் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைக் கொடுத்து, 'உடனே ஆரம்பியுங்கள், அக்ரிமென்ட் பிறகு போட்டுக்கொள்ளலாம்' என்றார். 2024 ஜனவரி 20-ஆம் தேதிக்குள் வேலையை முடித்து 8,40,000 ரூபாய்க்கு பில் கொடுத்தேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், 'ஒப்பந்தமே இல்லை, அதனால் பணமும் இல்லை' என்கிறார். என் கையில் அந்தக் கடிதமும் வாட்ஸ்அப் செய்திகளும் இருக்கின்றன. அது ஒப்பந்தம் ஆகாதா? என் பணம் போனது போனதுதானா?" — ஒரு வாசகர், சென்னை.

அன்புள்ள ஐயா,

புதிய அதிகாரி சொன்னதில் முதல் பாதி சட்டப்படி சரி, இரண்டாம் பாதி தவறு. உங்கள் நிலையில் இருந்த பலர் முதல் பாதியை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் வழக்காடித் தோற்றிருக்கிறார்கள். அந்தச் சண்டையை விட்டுவிட்டு இரண்டாம் பாதியைப் பிடித்திருந்தால் அவர்களுக்குப் பணம் கிடைத்திருக்கும். நீங்கள் இணைத்தனுப்பிய கடிதத்தையும் பில்லையும் படித்துவிட்டே இதை எழுதுகிறேன்.

தனியார் இருவருக்கிடையே வாய்ச்சொல்லாலேயே ஒப்பந்தம் உண்டாகலாம். அரசோடு அப்படி முடியாது. அரசியலமைப்பின் 299-ஆவது உறுப்பு, ஒன்றிய அரசோ மாநில அரசோ தன் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. ஒன்றிய அரசானால் குடியரசுத் தலைவர், மாநில அரசானால் ஆளுநர் செய்துகொள்வதாக ஒப்பந்தம் எழுத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அதற்கென அதிகாரம் அளிக்கப்பட்டவர்தான் அதில் கையெழுத்திட வேண்டும். அவர் அதைக் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் சார்பாக, வகுக்கப்பட்ட முறைப்படி செய்திருக்க வேண்டும். துறைகளின் ஒப்பந்தப் படிவங்களில் "தமிழ்நாடு ஆளுநருக்காகவும் அவர் சார்பாகவும்" என்ற சொற்களுக்குக் கீழே அதிகாரியின் கையெழுத்தும் பதவி முத்திரையும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் மரியாதைச் சொல் அன்று. ஒப்பந்தத்தின் உயிரே அந்த வரியில்தான் இருக்கிறது. தொகை சிறியது என்பதாலோ வேலை அவசரமானது என்பதாலோ 299-ஆவது உறுப்பு விலகி நிற்பதில்லை.

நூறு பக்க முத்திரைத்தாள் இருந்தால்தான் ஒப்பந்தம் என்று இதற்குப் பொருள் இல்லை. 1963-இல் ரல்லியா ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், முறையான ஆவணம் ஒன்று தனியே எழுதப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, டெண்டரும் அதை ஏற்றுக்கொண்ட கடிதமும் சேர்ந்தேகூட ஒப்பந்தமாகலாம் என்று தெளிவுபடுத்தியது. ஆனால் ஏற்புக் கடிதத்தை எழுதுபவர் அதிகாரம் பெற்றவராக இருக்க வேண்டும், எழுதுவதும் அரசுத் தலைவரின் பெயரில், அவர் சார்பாக இருக்க வேண்டும். உங்களிடம் உள்ள கடிதத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். உதவிப் பொறியாளர் தன் பெயரிலும் பதவியிலும் கையெழுத்திட்டிருக்கிறார். ஆளுநர் என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. "மதிப்பீடு பின்னர் முறைப்படுத்தப்படும்" என்ற வரி, மேலதிகாரியின் ஒப்புதல் அன்று வரவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டதற்குச் சமம். இத்தனை தொகைக்கு வேலை ஒப்படைக்க அவருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டிருந்ததாகக் காட்டும் ஆணை எதையும் கடிதம் குறிப்பிடவும் இல்லை. ஆகவே அது ஒப்பந்தம் ஆகாது. வாட்ஸ்அப் செய்திகள் எத்தனை இருந்தாலும் அந்தக் குறையை நிரப்ப மாட்டா.

இதன் கடுமையை உணர்த்த 1961-இல் தீர்ப்பான சேட் பிக்ராஜ் ஜெய்பூரியா வழக்கைச் சொல்ல வேண்டும். பஞ்ச காலமான 1943-இல் ரயில்வே கோட்டக் கண்காணிப்பாளர் ஒருவர் தொழிலாளர்களுக்காக உணவு தானியம் வாங்க ஆர்டர் கொடுத்தார். ஒரு பகுதியை வாங்கிக்கொண்ட ரயில்வே, மீதியை எடுக்க மறுத்தது. வணிகர் நட்டத்துக்கு வழக்குத் தொடர்ந்தார். ஆர்டர்கள் தலைமை ஆளுநர் பெயரில் எழுதப்படவில்லை, அவர் சார்பாகக் கையெழுத்திடப்படவும் இல்லை என்பதால் உச்ச நீதிமன்றம் அவர் கோரிக்கையைத் தள்ளியது. அப்போது நடைமுறையில் இருந்த 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 175(3) பிரிவுதான் இன்று 299-ஆவது உறுப்பாகத் தொடர்கிறது. ஆகவே அந்தத் தீர்ப்பு இன்றும் வழிகாட்டுகிறது. அதிகாரமில்லாத அலுவலர் ஒருவர் பொதுப்பணத்தைத் தன் சொல்லால் கட்டிப்போட்டுவிடக் கூடாது என்பதே இந்த விதியின் நோக்கம். அதனால்தான் நீதிமன்றங்கள் இதைக் கட்டாய விதியாகக் கொள்கின்றன. 1968-இல் முலம்சந்த் வழக்கில், இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை அரசு பிறகு ஏற்றுக்கொள்ளும் பின்னேற்பினாலும் உயிர்ப்பிக்க முடியாது, அரசின் நடத்தையைச் சுட்டி "நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்" என்று மறுப்புத்தடை எழுப்பவும் முடியாது என்றே நீதிமன்றம் கூறியது.

ஆகையால் "கடிதம் ஒப்பந்தம்தான்" என்று வாதிடுவதை விட்டுவிடுங்கள். உங்கள் கை வேறொரு கதவில் இருக்க வேண்டும். அந்தக் கதவு 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு. ஒருவர் மற்றவருக்காகச் சட்டப்படி ஒரு செயலைச் செய்தாலோ ஒரு பொருளைக் கொடுத்தாலோ, இலவசமாகச் செய்யும் நோக்கம் அவருக்கு இல்லாமல் இருந்து, மற்றவர் அதன் பயனை அனுபவித்தால், அவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும், அல்லது அப்பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. இந்தப் பொறுப்பு ஒப்பந்தத்தில் பிறப்பது அன்று. பயனை வைத்துக்கொண்டு விலையை மறுக்கக் கூடாது என்ற சட்டக் கடமையில் பிறப்பது. அதனால்தான் 299-ஆவது உறுப்பு அதைத் தடுப்பதில்லை.

இந்த இரண்டும் முரண்படுகின்றனவா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வின் முன்பே வந்தது. அது மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு. தீர்ப்பு 1961 டிசம்பரில் வந்தது. 1944-இல் அராம்பாக்கில் குடிமைப்பொருள் துறைக்காக மண்சாலை, காவலறை, அலுவலகம், சமையலறை போன்றவற்றைக் கட்டித்தர உட்கோட்ட அதிகாரி கேட்டுக்கொண்டார். காண்ட்ராக்டர் கட்டினார், அதற்கு 2,322 ரூபாய் 8 அணா பில். பிறகு மற்றொரு அதிகாரியின் வேண்டுகோளின் பேரில் சேமிப்புக் கொட்டகைகள் கட்டினார்; அதற்கு 17,003 ரூபாய். இரண்டுமே ஆளுநர் பெயரிலான ஒப்பந்தம் இல்லாமல் செய்யப்பட்டவை. துறையோ இரண்டையும் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் செல்லாது என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் 70-ஆவது பிரிவின்படி அரசு ஈடு கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கருத்து, மறுக்கும் உரிமை பற்றியது. கேட்காமல் ஒருவர் செய்துவைத்த வேலையை ஏற்றுக்கொள்ள யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அரசு அதை மறுக்கலாம், பொருளைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லலாம். மறுக்காமல் ஏற்றுப் பயன்படுத்தினால்தான் பொறுப்பு பிறக்கிறது.

இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் பில்லை வரிவரியாகப் பார்ப்போம். தரைத்தள வயரிங் 4,10,000 ரூபாய், இரண்டு தண்ணீர் மோட்டார்கள் 1,85,000, பேனல் போர்டு 1,45,000, ஆட்களை வரவழைத்துவிட்டு வேலை கொடுக்காமல் காத்திருக்க வைத்த நாட்களின் கூலி 60,000, முதல்தளத்துக்கென்று கொண்டுவந்து இறக்கி, "இப்போது வேண்டாம்" என்று நிறுத்தச் சொன்னதால் பயன்படாமல் போன கேபிள் சுருள்கள் 40,000. முதல் மூன்றும் சேர்ந்தால் 7,40,000. உங்கள் வழக்கின் எலும்பு அதுதான். வயரிங்கில் மின்சாரம் ஓடுகிறது, மோட்டாரில் தண்ணீர் ஏறுகிறது, மாணவர்கள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். பயனை அரசு அனுபவிப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

காத்திருந்த கூலி 60,000 ரூபாயை எதிர்பார்க்க வேண்டாம். அது உங்களுக்கு நேர்ந்த நட்டம்; அரசுக்குக் கிடைத்த பயன் அன்று. நட்டஈடு கேட்க ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தமோ இல்லை. தானிய வணிகர் தோற்றது இந்த இடத்தில்தான். கேபிள் சுருள்கள் வேறு வகை. அவை விடுதி வளாகத்தில் கிடந்தால், "திருப்பித் தாருங்கள்" என்று எழுத்தில் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அவற்றை வைத்துக்கொண்டால் விலை கேட்கலாம். மாறாக, அவை மறுக்கப்பட்ட பொருளாகவே கிடக்கின்றன என்றால் அவற்றுக்கு விலை கிடைக்காது. இந்த இரண்டு இனங்களையும் சேர்த்து 8,40,000 கேட்டால், பில் முழுவதுமே மிகைப்படுத்தப்பட்டது என்று அரசுத் தரப்பு சொல்ல இடம் கொடுத்ததாகும் என்பதால், நோட்டீஸிலேயே அவற்றைத் தனித்தனியாகக் காட்டுங்கள்.

7,40,000 முழுவதும் அப்படியே கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒப்பந்தம் செல்லாதபோது அதில் பேசிய விலையும் செல்லாது. நீதிமன்றம் பார்ப்பது, செய்த வேலைக்கும் கொடுத்த பொருளுக்கும் அந்தக் காலத்தில் நியாயமான மதிப்பு என்ன என்பதை. பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விலைப்பட்டியல், அதாவது உங்கள் தொழிலில் ஷெட்யூல் ஆஃப் ரேட்ஸ் என்று சொல்வது, அதற்கு முதல் அளவுகோலாக இருக்கும். பொறியாளர் வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்ட "அவசரத்துக்கு 12 சதவீதம் கூடுதல்" என்பது யாரையும் கட்டாது. ஆனால் அந்த வேலைக்கு அன்று என்ன விலை நியாயமானது என்பதற்குச் சாட்சியாக அது பயன்படும். மோட்டார்களும் பேனல் போர்டும் வாங்கிய ஜிஎஸ்டி இன்வாய்ஸ்கள், கூலிப் பட்டியல் ஆகியவற்றை இப்போதே ஒரு கோப்பில் சேருங்கள்.

அரசு எழுப்பக்கூடிய ஒரு மறுப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது வலுவானது. 70-ஆவது பிரிவில் "சட்டப்படி" என்ற சொல் இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி டெண்டர் இல்லாமல் வேலை கொடுக்கக் கூடாது. ஆகவே நீங்கள் செய்தது சட்டப்படியான செயலே அன்று என்பார்கள். இதற்கு எனது பதில் இரண்டு. முதலாவது, டெண்டர் விதி வேலை கொடுக்கும் அலுவலரைக் கட்டுவது. விடுதிக்கு வயர் இழுப்பது சட்டம் தடுத்த செயல் அன்று. மண்டல் வழக்கில் ஒப்பந்த முறை மீறப்பட்டிருந்தும் செயல் சட்டப்படியானதே என்று கொள்ளப்பட்டது. இரண்டாவது, இயற்கைப் பேரிடர்க் காலக் கொள்முதலுக்கு அச்சட்டத்தின் 16-ஆவது பிரிவில் விலக்கு உண்டு. அந்த டிசம்பர் வெள்ளத்தின்போது அரசு பிறப்பித்த ஆணைகளைத் தேடிப் பாருங்கள். உங்கள் வேலை விலக்கின் எல்லைக்குள் விழுந்தால், இந்த மறுப்புக்கே இடமில்லாமல் போகும். ஆனால் ஒன்றைத் திறந்த மனத்தோடு சொல்கிறேன்: டெண்டரைத் தவிர்ப்பதற்காகவே அலுவலரோடு சேர்ந்து திட்டமிட்டு வேலையைத் துண்டு துண்டாக்கிச் செய்தவருக்கு இந்தப் பிரிவு கைகொடுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

கோபத்தில் பலர் செய்யும் தவறு, மாற்றலாகிப்போன பொறியாளரை நேரடியாகப் பிரதிவாதியாக்கி அவர் சொந்தப் பணத்தைக் கேட்பது. 1971-இல் முராரி லால் வழக்கில், உருளைக்கிழங்கு வைக்கக் குளிர்பதனக் கிடங்கில் இடம் ஒதுக்கக் கேட்ட அதிகாரியைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒப்பந்தமே இல்லாதபோது அவரை அதன் கீழ் பொறுப்பாக்க முடியாது என்பதே காரணம். உங்கள் பொறியாளர் உங்களுக்கு எதிரி அல்லர், மிக முக்கியமான சாட்சி. அவரை எதிர்த்தரப்பில் உட்காரவைத்தால், வேலை செய்யச் சொன்னதையே அவர் மறுக்க நேரிடும்.

வழக்கு நிற்பதும் விழுவதும், துறை வேலையை ஏற்றுக்கொண்டதா என்பதைப் பொறுத்தது. அதை நிரூபிக்கும் தாள்கள் பெரும்பாலும் அரசின் அலமாரியில்தான் இருக்கின்றன. எனவே உங்கள் முதல் வேலை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனு. அந்த விடுதியில் நடந்த பணிக்கான அளவுப் புத்தகத்தின், நீங்கள் எம்-புக் என்று சொல்வதன், பக்கங்கள். மோட்டார்களும் பேனல் போர்டும் பதிவான இருப்புப் பதிவேடு. உதவிப் பொறியாளர் மேலதிகாரிக்கு அனுப்பிய அறிக்கைகள். உங்கள் பில்லின் மேல் எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகள் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். எம்-புக்கில் ஒரு அளவு பதிவாகி, உதவிச் செயற்பொறியாளரின் சரிபார்ப்புக் கையெழுத்தும் இருந்தால், அது வாய்ச்சாட்சி பத்தைவிட மேலானது. இருப்புப் பதிவேட்டில் மோட்டார் ஏறியிருந்தால், "நாங்கள் ஏற்கவில்லை" என்று சொல்லும் வாய் அடைபட்டுவிடும். விடுதிக் காப்பாளரிடம் வேலை முடிந்த நாளில் வாங்கிய எந்தச் சீட்டு இருந்தாலும் அதையும் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்படும். அதனால் அந்த போனை மாற்றவோ செய்திகளை அழிக்கவோ வேண்டாம்.

அதோடு, துறைச் செயலாளருக்கு ஒரு மனு அனுப்பிப் பாருங்கள். "ஒப்பந்தம் செல்லும்" என்று அதில் எழுத வேண்டாம். பேரிடர் வேலை முடிந்து பயன்பாட்டில் இருக்கிறது, எம்-புக்கில் பதிவான அளவுக்கு நியாயமான தொகையைச் சிறப்பு நிகழ்வாகக் கருதி வழங்க ஆணையிட வேண்டும் என்று கேளுங்கள். செல்லாத ஒப்பந்தத்தைப் பின்னேற்பால் செல்லுபடியாக்க முடியாது என்றாலும், செய்த வேலைக்கான பணத்தைக் கொடுக்க அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. எழுத்துப்பூர்வமான, கையெழுத்திட்ட பதில் ஏதும் வந்து அதில் "இவ்வளவு தொகை தர வேண்டியுள்ளது" என்ற பொருள் இருந்தால், காலவரம்பு முடிவதற்கு முன் வந்த அத்தகைய ஒப்புதல் காலத்தைப் புதிதாக ஓடவைக்கும்.

அந்தக் காலவரம்பு 3 ஆண்டுகள். வேலை முடிந்த நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு; அப்படியானால் 2027 ஜனவரி 20. மனுவுக்குப் பதில் வரும் என்று காத்திருப்பதால் அந்த நாள் தள்ளிப்போகாது. அரசு மீது வழக்குத் தொடர, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி துறைச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ முன்னறிவிப்பு கொடுத்து இரண்டு மாதம் பொறுத்திருக்க வேண்டும். இந்த இரண்டு மாதத்தைக் காலவரம்புக் கணக்கில் கழிக்கலாம் என்பது சட்டம். ஆனால் அந்த விலக்கை நம்பிக் கடைசி நாள் வரை இருக்க வேண்டாம். நோட்டீஸில் உங்கள் பெயர், முகவரி, வழக்குக் காரணம், கேட்கும் நிவாரணம் ஆகிய நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். கூடவே "ஒப்பந்தம் செல்லாதென நீதிமன்றம் கருதினாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவின்படி நியாயமான ஈடு கோருகிறேன்" என்ற மாற்றுக் கோரிக்கையை எழுத்தில் சேர்த்துவிடுங்கள். வழக்கு மனுவிலும் அதே கோரிக்கையையும், பயன் அனுபவிக்கப்பட்ட உண்மைகளையும் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தை மட்டும் நம்பி எழுதப்பட்ட மனுவில் விசாரணையின் நடுவில் 70-ஆவது பிரிவை நுழைக்க முயல்வது சிரமம். பிரதிவாதியின் பெயர் "தமிழ்நாடு அரசு" என்றே இருக்க வேண்டும், செயற்பொறியாளர் பதவியின் பெயரில் அன்று. தொகையைப் பார்த்தால் சென்னை மாநகர உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய வழக்கு இது. வணிகத் தகராறாகக் கொள்ளப்பட்டு வழக்குக்கு முந்தைய சமரசப் பேச்சு தேவைப்படுமா என்பதை உங்கள் வழக்கறிஞர் முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்து எந்தத் துறையிலாவது "ஆரம்பியுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று சொன்னால், வேலை உத்தரவின் இறுதி வரியையும் கையெழுத்தையும் பாருங்கள். ஆளுநர் சார்பாக என்ற சொற்களும் அதிகாரம் பெற்றவரின் கையெழுத்தும் இல்லாமல் அவசரம் மட்டுமே இருந்தால், அன்றைய தேதியிட்டு நீங்களே ஒரு கடிதம் எழுதி, "தங்கள் வேண்டுகோளின் பேரில் தொடங்குகிறேன், கட்டணம் பெறாத சேவை அன்று" என்று அலுவலகத்தில் கொடுத்து வருகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எம்-புக் பதிவை நாள்தோறும் கேளுங்கள். இந்த முறை உங்களிடம் அப்படி ஒரு கடிதம் இல்லை என்றாலும், 2024 பிப்ரவரியில் பில் கொடுத்தபோது அலுவலகம் போட்ட முத்திரை அதன் இரண்டாம் பக்கத்தில் தெரிகிறது. அந்தப் பக்கத்தின் அசலை எங்கும் கொடுத்துவிடாதீர்கள். எங்கு கேட்டாலும் நகல் மட்டும் கொடுங்கள்.